ஐம்பது பைசா வட்டியும் 59 நாளும்: குறுகிய கால வைப்புக்கு வட்டி கணக்கிடும் முறை

பள்ளத்தூரில் எங்கள் பொது வீட்டுக்கு ஓடு மாற்ற ஆறு பங்காளிகளும் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டோம். தச்சு வேலைக்காரர்கள் பங்குனியில்தான் வருவதாகச் சொன்னதால், ஆறு லட்சத்தையும் 2025 ஜனவரி 20 அன்று வங்கியில் இரண்டு மாத வைப்பாகப் போட்டோம். வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம். மார்ச் 20 அன்று பணம் கைக்கு வந்தது. வட்டி 5,819 ரூபாய்.

பொது வீட்டுக் கணக்கை எழுதுகிற ஆச்சி பேரேட்டை எடுத்துக்கொண்டு வந்து முகப்பில் உட்கார்ந்தார்.

"ஆறு வட்டின்னா நூத்துக்கு அம்பது பைசா வட்டி. ஆறு லட்சத்துக்கு மாசம் மூவாயிரம். ரெண்டு மாசத்துக்கு ஆறாயிரம் வரணும். நூத்தி எண்பத்தொரு ரூபாய் குறையுதே தம்பி. பங்காளிகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ஆச்சியின் கணக்கில் தவறு இல்லை. வங்கியின் கணக்கிலும் தவறு இல்லை. ஆச்சி மாதத்தை எண்ணினார், வங்கி நாளை எண்ணியது. முதல்முறை குறுகிய கால வைப்பு போடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். கணக்கெழுதும் வேலையில் இருப்பதால் ஆண்டுக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இரண்டு அளவுகோல்கள்

நம் பக்கத்தில் வட்டியை மாதத்துக்குத்தான் பேசுவோம். ஒரு ரூபாய் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். ஐம்பது பைசா வட்டி என்றால் ஆண்டுக்கு 6. இப்படிப் பேசும்போதே ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம்: பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு, பிப்ரவரிக்கும் மூவாயிரம், ஜூலைக்கும் மூவாயிரம். மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்ளும் கணக்கு இது. மனக்கணக்காகப் போடலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. இதைப் பழைய காலத்துக் கணக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்திய அரசின் நீண்ட காலக் கடன் பத்திரங்களுக்கு இன்றும் 30 நாள் மாதம், 360 நாள் ஆண்டு என்றுதான் வட்டி எண்ணுகிறார்கள்.

வங்கி வைப்பில், அதிலும் மூன்று மாதத்துக்குக் குறைந்த வைப்பில், அளவுகோல் வேறு. பணம் உண்மையில் எத்தனை நாள் வங்கியிடம் இருந்தது என்று எண்ணி, ஆண்டுக்கு 365 நாள் என்று வைத்து வட்டி தருகிறார்கள். ஆண்டு வட்டி 36,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 36,000 ÷ 365, அதாவது 98 ரூபாய் 63 பைசா. ஆச்சியின் கணக்கில் ஒரு நாள் என்பது 36,000 ÷ 360, சரியாக 100 ரூபாய்.

ஓர் ஆண்டு முழுவதும் பணம் இருந்தால் இரண்டு முறையிலும் அதே 36,000தான் வரும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் வைப்பு போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. பணம் ஒன்றிரண்டு மாதமே இருக்கும்போதுதான் அது வெளியே தெரிகிறது.

நாளை எண்ணுவது எப்படி

பணம் போட்ட நாளை எண்ண வேண்டும், எடுக்கும் நாளை எண்ணக் கூடாது. விதி அவ்வளவுதான். இன்று போட்டு நாளை எடுத்தால் அது ஒரு நாள். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணிவிட்டு ஒரு நாள் வட்டி குறைகிறது என்று வருகிறவர்களே அதிகம். உங்கள் கணக்கும் வங்கியின் கணக்கும் சரியாக ஒரு நாள் வட்டி அளவுக்கு வேறுபட்டால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

போட்ட தேதியும் எடுக்கும் தேதியும் ஒன்றாக இருந்தால் (20 முதல் 20 வரை, 10 முதல் 10 வரை) இன்னும் எளிது. தொடங்கிய மாதம் எத்தனை நாள், அடுத்த மாதம் எத்தனை நாள் என்று கூட்டினால் போதும். ஜனவரி 20 முதல் மார்ச் 20 வரை என்றால் ஜனவரியின் 31, பிப்ரவரியின் 28, மொத்தம் 59. எடுக்கும் மாதமான மார்ச்சைச் சேர்க்கக் கூடாது. எந்த மாதத்துக்கு 31 என்று நினைவில்லாவிட்டால் கை முஷ்டியின் மேட்டையும் பள்ளத்தையும் எண்ணுங்கள். மேடு 31, பள்ளம் 30, முதல் பள்ளம் மட்டும் பிப்ரவரி.

59 × 98.63 என்று போட்டால் 5,819 வந்துவிடும். பைசா சுத்தமாக வேண்டுமானால் நாள் வட்டியை முதலில் உடைக்காமல் 36,000 × 59 ÷ 365 என்று ஒரே மூச்சில் போடுங்கள். 5,819.18 வரும். நாள் வட்டியை முன்பே முழு ரூபாயாக்கிவிட்டுப் பெருக்கினால் சில ரூபாய் பிசகும்.

கணினியில் விரிதாள் வைத்திருப்பவர்கள் போட்ட தேதியை A2 கட்டத்திலும் எடுக்கும் தேதியை B2 கட்டத்திலும் எழுதி, இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்:

```
=DAYS(B2,A2)
=DAYS360(A2,B2)
```

முதல் வரி வங்கியின் எண்ணிக்கை. நம் தேதிகளுக்கு 59 காட்டும். இரண்டாவது ஆச்சியின் எண்ணிக்கை, 60 காட்டும். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தைப் புதியவர்களுக்குப் புரியவைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

எந்த மாதம் போட்டால் கூடும், எந்த மாதம் குறையும்

ஆச்சி கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. "அப்போ பேங்க் கணக்கு எப்பவும் நமக்கு நஷ்டம்தானா?"

இல்லை. 365ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மாதத்துக்குச் சராசரியாக 30 நாளும் ஒரு பத்து மணி நேரமும் வரும். இரண்டு மாதத்துக்கு 60 நாளும் சுமார் 20 மணி நேரமும். உங்கள் இரண்டு மாதத்தில் உண்மையான நாள் 61 அல்லது 62 ஆக இருந்தால் வங்கிக் கணக்கு உங்களுக்குக் கூடுதல். 59 அல்லது 60 என்றால் குறைவு.

பன்னிரண்டு மாதத்தையும் ஆச்சியோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். அதே ஆறு லட்சம், அதே 6 சதவீதம், இரண்டு மாத வைப்பு. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தொடங்கினால் 59 நாள், வட்டி 5,819 ரூபாய். ஜூலையிலோ டிசம்பரிலோ தொடங்கினால் 31 நாள் மாதங்கள் இரண்டு அடுத்தடுத்து வருவதால் 62 நாள், வட்டி 6,115 ரூபாய். மற்ற எட்டு மாதங்களில் எப்போது தொடங்கினாலும் 61 நாள், வட்டி 6,016 ரூபாய். பன்னிரண்டில் பத்து மாதங்களில் ஆச்சியின் ஆறாயிரத்தைவிட அதிகமாகவே வருகிறது. பிப்ரவரியைத் தாண்டும் இரண்டு தொடக்கங்களில்தான் குறைகிறது, ஆனால் குறையும்போது ஒரேயடியாக 181 ரூபாய் குறைகிறது. கூடுவதையும் குறைவதையும் மொத்தமாகக் கூட்டினால் சரியாகப் பூஜ்யம் வரும். நாங்கள் ஜனவரியில் போட்டதால் குறைவான பக்கம் நமக்கு வாய்த்தது.

ஒரு மாத வைப்பில் ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மை. பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை 28 நாள், வட்டி 2,762 ரூபாய். மார்ச் 1 முதல் ஏப்ரல் 1 வரை 31 நாள், 3,058 ரூபாய். இரண்டையும் நாம் ஒரு மாதம் என்றுதான் சொல்கிறோம்.

தமிழ் மாதத்தை வைத்துத் தவணை பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மார்கழி 29, 30 நாளில் முடிந்துவிடும், ஆனியோ 31, 32 நாள் ஓடும். ஆனி முதல் தேதி வாங்கி ஆடி முதல் தேதி கொடுத்தாலும் ஒரு மாத வட்டி, மார்கழி முதல் தேதி வாங்கித் தை முதல் தேதி கொடுத்தாலும் ஒரு மாத வட்டி என்று பேரேட்டில் ஏறும்.

படிவத்தில் மாதமா, நாளா

வைப்புப் படிவத்தில் காலம் என்ற இடத்தில் மாதத்துக்கு ஒரு கட்டமும் நாளுக்கு ஒரு கட்டமும் இருக்கும். "2 மாதம்" என்று எழுதினால் முதிர்வுத் தேதி மார்ச் 20, நாள் 59. "60 நாள்" என்று எழுதினால் முதிர்வு மார்ச் 21, வட்டி 5,918 ரூபாய். கட்டத்தை நிரப்புவதற்கு முன் எந்தத் தேதியில் பணம் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணி, நாள் கட்டத்திலேயே எழுதுங்கள். மாதக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நல்லது என்பது என் கருத்து.

இதற்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. குறுகிய கால வைப்புக்கு வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் படிபடியாக வைத்திருக்கின்றன. பல பட்டியல்களில் 90 நாள் வரை ஒரு படி, 91 நாளிலிருந்து அடுத்த படி. "மூன்று மாதம்" என்று நாம் வாயால் சொல்வது எந்தப் படியில் விழும் என்பது தொடங்கும் தேதியைப் பொறுத்தது. ஜூலை 10 முதல் அக்டோபர் 10 வரை 92 நாள், மேல்படி. ஜனவரி 20 முதல் ஏப்ரல் 20 வரை, லீப் ஆண்டு அல்லாத வருடத்தில், 31 + 28 + 31, சரியாக 90 நாள், கீழ்ப்படி. 90 நாள் வரை ஐந்தரை சதவீதம், 91 முதல் ஆறு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சத்துக்கு 90 நாள் வட்டி 8,137 ரூபாய், 91 நாள் வட்டி 8,975 ரூபாய். ஒரே ஒரு நாளுக்கு 838 ரூபாய் வித்தியாசம். ஆச்சி வருத்தப்பட்ட 181 ரூபாயைவிட இது எவ்வளவோ பெரிது, அதுவும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணம். பிப்ரவரியைத் தாண்டுகிற மூன்று மாத வைப்பு போடுகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மாதத்தைச் சொல்லாதீர்கள், 91 நாள் என்று சொல்லுங்கள்.

முழுக் காலாண்டு வரும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சில வங்கிகள் மூன்று மாதம் முழுமையாக முடிந்தால் அதை ஆண்டின் நாலில் ஒரு பங்கு என்று எடுத்து, மிச்ச நாட்களை மட்டும் 365இல் எண்ணுகின்றன. அப்படி எண்ணினால் 6 சதவீதத்துக்கு மூன்று மாதம் 9,000 ரூபாய். சில வங்கிகள் தொடக்கம் முதல் முடிவு வரை நாளாகவே எண்ணுகின்றன. அப்போது 90 நாளுக்கு 8,877 ரூபாய். ஆக, சம மாதக் கணக்கு வங்கிக்குள்ளும் ஒரு மூலையில் இருக்கிறது. உங்கள் வங்கி எது என்று கண்டுபிடிக்க ஆளைக் கேட்கக்கூட வேண்டாம். வைப்பு ரசீதில் முதிர்வுத் தொகை அச்சாகியிருக்கும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், எது ஒத்துப்போகிறதோ அதுதான் அவர்கள் முறை.

முதிர்வு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மறுநாள்தான் பணம் வாங்க முடியும். அந்தக் கூடுதல் நாளுக்கும் ஒப்புக்கொண்ட விகிதத்திலேயே வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2025 ஏப்ரல் 20 ஞாயிறு. நாங்கள் மூன்று மாதம் போட்டிருந்தால் 21ஆம் தேதி இன்னொரு 98 ரூபாய் 63 பைசா சேர்ந்திருக்கும்.

லீப் ஆண்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அடுத்தது 2028. அந்த ஜனவரி 20 முதல் மார்ச் 20 வரை 60 நாள் வரும். 365ஆல் வகுக்கிற வங்கியில் 5,918 ரூபாய், 366ஆல் வகுக்கிற வங்கியில் 5,902 ரூபாய். வித்தியாசம் 16 ரூபாய்தான், இருந்தாலும் எதனால் என்று தெரிந்திருந்தால் குழப்பம் வராது.

கைமாற்றாகக் கொடுக்கும்போது

வங்கியில் விதி எழுதி வைத்திருக்கிறது. தெரிந்தவரிடமோ உறவினரிடமோ ஒன்றரை மாதத்துக்குப் பணம் கொடுத்து வைக்கும்போது அப்படி எதுவும் இல்லை. உண்மையான மனவருத்தம் இங்கேதான் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதே ஆறு லட்சம், அதே ஐம்பது பைசா வட்டி, ஜனவரி 20 கொடுத்து மார்ச் 5 திரும்ப வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று எண்ணுகிறார். பிப்ரவரி 20 வரை ஒரு மாதம், அங்கிருந்து மார்ச் 5 வரை 15 நாள், மொத்தம் 45 நாள், 4,500 ரூபாய். வாங்கியவர் முதல் மாதத்துக்கு மூவாயிரம் என்று ஒப்புக்கொள்கிறார், ஆனால் மிச்ச நாளை நாட்காட்டியில் எண்ணுகிறார். பிப்ரவரியில் 28 நாள்தானே, ஆக 13 நாள், நாளைக்கு நூறு ரூபாய், மொத்தம் 4,300. படித்த பையன் ஒருவன் வங்கி முறையில் 44 நாளை 365ஆல் வகுத்து 4,340 என்கிறான். மூன்று பேரும் நேர்மையானவர்கள், மூன்று பேரும் தங்கள் கணக்கைச் சத்தியம் செய்து சொல்வார்கள். 200 ரூபாய்க்காக ஒரு விசேஷத்துக்கு அழைப்பு நின்றுபோன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தேதி ஒத்துப்போகாத கைமாற்றில் இப்படி ஆவதற்குக் காரணம், மாதக் கணக்கில் உடைந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. நாள் கணக்கில் அந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் அதில் மாதம் என்ற ஒன்றே இல்லை. அதனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த கொடுக்கல் வாங்கலுக்கு நாள் கணக்கையே பரிந்துரைப்பேன். வட்டியை மாதத்தில் பேசுவது நம் பழக்கம், அதை விட வேண்டியதில்லை. புரோநோட்டோடு ஒரு தாளில் இப்படி ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்: "வட்டி நூற்றுக்கு மாதம் ஐம்பது பைசா, அதாவது ஆண்டுக்கு 6 சதவீதம், கொடுத்த நாள் சேர்த்து, திருப்பும் நாள் நீக்கி, உள்ள நாட்களுக்கு, ஆண்டுக்கு 365 நாள் வீதம்." மாதக் கணக்கே வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் அதுவும் சரிதான். அப்போது எழுத வேண்டியது: "எல்லா மாதமும் 30 நாள், ஆண்டு 360 நாள்." உடைந்த நாளுக்கும் அதுவே பொருந்தும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை உண்மையாக எண்ணிவிட்டு 360ஆல் வகுப்பது. டாலர் பணச் சந்தையில் அந்த முறை வழக்கத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தே நடக்கிறது. நம் ஊரில் அது தெரியாமல் நுழையும். "நாளைக்கு நூறு ரூபாய்" என்று வாய்வார்த்தையாகப் பேசி, ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை 62 நாளுக்கு 6,200 ரூபாய் கேட்பார்கள். ஆண்டு முழுக்க அப்படி எண்ணினால் 36,500 ஆகிவிடும். ஆறு வட்டி என்று பேசியதற்கு அது கூடுதல். நாள் வட்டி ஒரு முழு எண்ணாக அழகாக வந்தால், எதனால் வகுத்தார்கள் என்று உடனே கேளுங்கள்.

பொது வீட்டுக் கணக்கில் பங்காளி ஒவ்வொருவருக்கும் ஆயிரத்துக்குப் பதிலாக 969 ரூபாய் 83 பைசா என்று எழுதி, பக்கத்திலேயே "59 நாள்" என்று ஆச்சி குறித்துவைத்தார். ஓடு மாற்றியதில் இரண்டு லட்சம் மிச்சமானது. முற்றத்துத் தூண்களுக்கு வேலை செய்ய அதை ஜூலை 10 அன்று மறுபடி போட்டோம். வட்டி அப்போது 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. நான் விரிதாளைத் திறப்பதற்குள் ஆச்சி முஷ்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜூலையும் மேடு, ஆகஸ்டும் மேடு. அறுபத்திரண்டு நாள். இந்தத் தடவை ஆயிரத்து அறுநூத்தி அறுபத்தேழுக்கு மேல வரணும்."

செப்டம்பர் 10 அன்று வந்தது 1,699 ரூபாய்.